மூன்றாவது போத்தலில் இருப்பது புடை அற்ககோல் அல்ல, மாற்றித் தாருங்கள்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் அற்ககோல் சமபகுதியப் பெட்டியில் வரும் மூன்றாவது போத்தலைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், நான் முதலிலிருந்து தொடங்குகிறேன், அவர் "லைன்ல இருங்க மிஸ்" என்கிறார், பிறகு பாட்டு ஓடுகிறது. எழுத்தில் இருந்தால் யாராவது ஒருவராவது முழுதாக வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

பெட்டி உங்களுக்குத் தெரிந்ததே. முதல் அற்ககோலுக்குப் பியூற்றன்-1-ஓல், வழி அற்ககோலுக்குப் பியூற்றன்-2-ஓல், புடை அற்ககோலுக்கு 2-மெதைல்புரொப்பன்-2-ஓல். முதல் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. மூன்றாவதன் லேபலில் பெயர் சரியாக இருக்கிறது, 99% என்றும் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பதுதான் வேறு.

உயர்தர வகுப்பில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை இது. மூன்று சோதனைக்குழாய்களிலும் பொற்றாசியம் இருகுரோமேற்றும் ஐதான சல்பூரிக்கமிலமும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அற்ககோலைச் சில துளிகள் விட்டு, சுடுநீர் முகவையில் வைத்தோம். முதலாவது செம்மஞ்சளிலிருந்து பச்சையானது, சரி. இரண்டாவதும் பச்சையானது, சரி. மூன்றாவது செம்மஞ்சளாகவே நிற்க வேண்டும். நிற்கும் என்று கரும்பலகையில் எழுதியும் வைத்திருந்தேன். அதுவும் பச்சையானது. "மிஸ், புடையும் ஒட்சியேறுதே" என்று பின் வரிசையில் ஒரு பிள்ளை சொன்னாள். அந்த வகுப்புக்கு இனி நான் எதைச் சொன்னாலும் பாதி நம்பிக்கைதான்.

உங்கள் கொழும்பு அலுவலகத்தில் பேசியவர் கொடுத்த விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "மிஸ் பாவிச்சது ஸ்ட்ரோங்கான ஒட்சியேற்றி. அதுதான் எல்லாத்தையும் ஒட்சியேத்திடுச்சு. மைல்டானதைப் பாவிங்க, எங்ககிட்ட பி.சி.சி. இருக்கு." இரசாயனப் பொருள் விற்கும் கம்பனியில் இருப்பவர் இப்படிச் சொல்லலாமா? ஒட்சியேற்றி வன்மையா மென்மையா என்ற கேள்வி முதல் அற்ககோலுக்குத்தான் வரும். அங்கே நிற்கும் இடம் இரண்டு. அல்டிகைட்டில் நிறுத்தலாம், அல்லது காபொட்சிலிக்கமிலம் வரை கொண்டுபோகலாம். வழி அற்ககோல் எதைப் போட்டாலும் கீற்றோனில் நின்றுவிடும். புடை அற்ககோலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒட்சியேற்றம் நடக்க OH இலுள்ள ஐதரசனும் போக வேண்டும், அந்த OH தாங்கிய காபனில் இருக்கும் ஓர் ஐதரசனும் போக வேண்டும். புடை அற்ககோலில் அந்தக் காபனைச் சுற்றி மூன்று காபன்கள் இருக்கின்றன, கழற்றுவதற்கு ஐதரசன் கிடையாது. காபன்-காபன் பிணைப்பை உடைக்காமல் மேலே போக வழியில்லை.

செறிந்த அமிலம் சேர்த்து நெடுநேரம் காய்ச்சினால், புடை அற்ககோல் நீரை இழந்து அற்கீனாகி, அந்த அற்கீன் ஒட்சியேறிப் பச்சை காட்டக்கூடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஐதான அமிலம், கொதிக்காத சுடுநீர், சில நிமிடங்கள் மட்டும் என்று செய்தோம். அற்ககோல் விடாத ஒரு குழாயும் அதே முகவையில் கடைசிவரை செம்மஞ்சளாகவே நின்றது. ஆக, குற்றம் இருகுரோமேற்றின் மேலும் இல்லை.

பி.சி.சி.யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை என் தலையில் கட்டத்தான் பார்த்தீர்கள். பிரிடீனியம் குளோரோகுரோமேற்று நல்ல பொருள்தான், 1975 இல் கோரியும் சக்ஸும் அறிமுகப்படுத்தியதிலிருந்து எத்தனையோ பேர் பாவிக்கிறார்கள். அது முதல் அற்ககோலை அல்டிகைட்டோடு நிறுத்துவதற்குக் காரணம், நீரில்லாத இருகுளோரோமெதேனில் வேலை செய்வதுதான். நீர் இருந்தால் அல்டிகைட்டு நீரேற்று வடிவத்துக்குப் போகும், அதிலே மறுபடியும் OH வந்துவிடும், ஒட்சியேற்றம் அமிலம் வரை தொடரும். அல்டிகைட்டு மட்டும் வேண்டும் என்று கேட்கும் ஒருவருக்கு அதை விற்றால் நியாயம். புடை அற்ககோல் ஒட்சியேறாது என்று காட்ட நிற்கும் எனக்கு அதனால் என்ன பயன்? உங்கள் மூன்றாவது போத்தலில் இருப்பதைப் பி.சி.சி.யோடு சேர்த்தாலும் அது ஒட்சியேறத்தான் போகிறது. பி.சி.சி.யிலும் இருப்பது அதே குரோமியம்(VI), புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தேவையில்லாமல் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கமாட்டேன்.

கண்டிக் கிளையைப் பற்றி இப்போதே சொல்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். போத்தலை நேரில் காட்டினால் மாற்றித் தருவோம் என்று சொன்னவர்கள் நீங்கள். தலவாக்கலையிலிருந்து மழையில் பஸ் ஏறி, லீவு போட்டு, கண்டிக்கு வந்தேன். வந்து சேர்ந்தால் "இன்னைக்கு ஸ்டொக் எடுக்கிற நாள், திருப்புறது எல்லாம் கொழும்பிலதான்" என்கிறார் கவுண்டரில் இருந்தவர். போத்தலை வாங்கிப் பார்த்தார், கணினியில் எதையோ தட்டினார், பிறகு சொன்னார்: "ரெண்டுமே C4H10O, மூலர்த்திணிவும் 74. ஒண்ணுதானே மிஸ், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இது போதாதா?"

அந்த வாக்கியத்தை நான் மறக்கப்போவதில்லை. "ரெண்டும்" என்று அவர் சொன்னபோதே போத்தலில் எது இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? சூத்திரம் ஒன்றாக இருப்பதால்தானே அவற்றைச் சமபகுதியங்கள் என்கிறோம், அதைக் காட்டத்தானே உங்கள் பெட்டியையே வாங்கினோம்! எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் சம்பளத்திலிருந்து வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு இது போதுமா போதாதா என்று தீர்மானிக்க அவர் யார்? ஒரு பரம்பரையின் இரசாயனவியலையே பாழாக்கியிருக்கிறீர்கள்.

சரி, கோபத்தை விடுகிறேன். ஆதாரங்களைக் கேளுங்கள்.

2-மெதைல்புரொப்பன்-2-ஓல் உருகுவது ஏறத்தாழ 25 பாகை செல்சியசில். தேங்காய் எண்ணெய் போத்தலில் வெள்ளையாக உறைந்து கிடக்கும் எங்கள் காலைகளில் அதுவும் உறைந்துதான் இருக்க வேண்டும். உங்கள் போத்தலோ 18 பாகையிலும் குலுங்குகிறது. நீர் கலந்திருந்தால் உருகுநிலை இறங்கும், அது நீரை எளிதில் உறிஞ்சும் பொருளும்கூட. அதனால் இதை மட்டும் வைத்து நான் குற்றம் சாட்டவில்லை. கண்டியில் கற்பிக்கும் நண்பி ஒருவரிடமிருந்து உண்மையான பொருளில் கொஞ்சம் வாங்கினேன். கையில் வந்தபோது கட்டியாக இருந்தது, வெந்நீரில் வைத்து உருக்க வேண்டியிருந்தது. அதே இருகுரோமேற்றில் விட்டேன், செம்மஞ்சள் மாறவே இல்லை.

அடுத்தது, ஏதோ கொஞ்சம் கலப்பு இருந்து பச்சை காட்டியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சில துளிப் பரிசோதனையில் அது நடக்கக்கூடியதே, ஏனென்றால் இருகுரோமேற்றும் கொஞ்சம்தான். ஆகவே அளந்து செய்தேன். ஒரு மில்லிலீற்றர் அற்ககோல் ஏறத்தாழ 0.8 கிராம், அதாவது 0.011 மூல். மூன்று மூல் முதல் அற்ககோலை அல்டிகைட்டாக்க ஒரு மூல் இருகுரோமேற்று போதும். கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு கிராமை ஐதான அமிலத்தில் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டேன், அத்தனையும் பச்சையாகியது. போத்தலில் வேறு அற்ககோல் இரண்டு சதவீதம் மட்டும் கலந்திருந்தால் 0.02 கிராமோடு அது தீர்ந்திருக்கும். ஆக, போத்தலே வேறு.

வழி அற்ககோலாகவும் இருக்கலாமே? அதையும் பார்த்தேன். அற்ககோலை மிகையாக எடுத்து, மெல்லச் சூடாக்கிக்கொண்டே இருகுரோமேற்றைத் துளித்துளியாக விட்டு, முதலில் ஆவியாகி வந்ததைக் குளிர்ந்த குழாயில் பிடித்தேன். பி.சி.சி. இல்லாத பாடசாலையில் அல்டிகைட்டை எடுக்கும் பழைய வழி இது. அல்டிகைட்டு உருவானவுடனே ஒட்சியேற்றியை விட்டுப் பிரிந்து வந்துவிடும், அமிலமாக நேரம் இருக்காது. நான் சந்தேகிக்கும் 2-மெதைல்புரொப்பன்-1-ஓலில் அல்டிகைட்டு 64 பாகையளவில் கொதிக்கும், அற்ககோல் 108 இல். பிடித்ததைத் தொலனின் சோதனைப்பொருளில் விட்டு இளஞ்சூட்டில் வைத்தேன். குழாயின் அடியில் முதலில் சாம்பல் நிறம் படர்ந்தது, கொஞ்ச நேரத்தில் கண்ணாடிச் சுவரில் முகம் தெரியும் வெள்ளியாடி. கீற்றோன் அதைத் தராது, ஆகவே இது முதல் அற்ககோல்தான். பியூற்றன்-1-ஓலுக்கும் இதற்கும் மணம் வித்தியாசம், அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் லேபலைப் பாருங்கள். 2-மெதைல்புரொப்பன்-2-ஓல், 2-மெதைல்புரொப்பன்-1-ஓல். பெரிய பீப்பாவிலிருந்து சிறு போத்தலுக்கு ஊற்றிய இடத்தில் யாரோ ஓர் இலக்கத்தை மாற்றி வாசித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். லேபலில் CAS இலக்கம் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும்: முன்னது 75-65-0, பின்னது 78-83-1.

லூக்காசின் சோதனையைச் சொல்ல விட்டுவிட்டேன். நண்பியின் பொருள் உடனே கலங்கியது. உங்களுடையது தெளிவாகவே இருந்தது. "குளிர் இடம், அதனால மெதுவா நடக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு குழாயும் ஒரே தாங்கியில்தான் நின்றன.

தயவுசெய்து இம்மாத இறுதிக்குள் சரியான போத்தலைக் கூரியரில் அனுப்புங்கள், பகுப்பாய்வுச் சான்றிதழோடு. பழைய போத்தலை நான் சுமந்துகொண்டு வரமாட்டேன், உங்கள் ஆள் வந்து எடுத்துப் போகட்டும். அதே தொகுதியில் பெட்டி வாங்கிய மற்றப் பாடசாலைகளுக்கும் அறிவியுங்கள், அவர்களின் பிள்ளைகளும் தவறாக எழுதிவைத்திருப்பார்கள். கண்டிக் கவுண்டரில் இருந்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. மற்ற இரண்டு போத்தல்களும் நன்றாகவே இருந்தன, அடுத்த தவணைக்கும் உங்களிடமே வாங்கலாம் என்று அதிபரிடம் சொல்லியிருந்தேன். பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பில், லேபல் படங்கள், அவதானிப்பு அட்டவணை எல்லாம் போகும். வலயக் கல்வி அலுவலகத்துக்குரிய பிரதியும் கையெழுத்தோடு தயாராக என் மேசையில் இருக்கிறது. இன்னும் தபாலில் போடவில்லை.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியை,
தலவாக்கலை.