"பழகிப்போச்சு" என்கிற பணிமனைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, வணக்கம்.

அடுத்த வாரம் உங்கள் ஓய்வறையில் மன அழுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வருகிற ஆலோசகர் நான்தான். அறிவிப்புத் தாளை ஒட்டிய அன்றே, அதன் அடியில் யாரோ பேனாவால் "முதல்ல ஆள் போடுங்க சார்" என்று எழுதிவிட்டார்களாம். நியாயமான பதில். இரண்டு பேர் செய்ய வேண்டிய டூட்டியை ஒருவர் செய்துகொண்டிருக்கும்போது, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்று ஒருவர் வந்து சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். ஆள் பற்றாக்குறையை என் பேச்சு தீர்க்காது. உளவியலை நம்புங்கள் என்று கேட்கவும் நான் வரவில்லை. உங்களில் பலர் அடிக்கடி சொல்கிற "பழகிப்போச்சு" என்பதைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம். காலை 4 மணிக்கு எழுந்து, 5 மணி வாக்கில் வண்டியை எடுக்கிறீர்கள். மதியம் இறங்க வேண்டும். ரிலீவர் வரவில்லை. "ஒரு சிங்கிள் மட்டும் அடிச்சுட்டு வந்துடுங்கண்ணே" என்கிறார் டூட்டி போடுபவர். ஒன்று இரண்டாகி, இரவு 10 மணிக்குத்தான் வண்டி உள்ளே வருகிறது. கணக்கை முடித்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுக்கும்போது 12 ஆகிவிடுகிறது. மறுநாளும் காலை 4 மணிக்கே அலாரம்.

இதில் இரவு 9 மணியைக் கவனியுங்கள். நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலரைத் தூங்கவிடாமல் உட்காரவைத்து, கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் சோதனை ஒன்றைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் மதுவைக் கொடுத்து அதே சோதனையைச் செய்யவைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தபோது வந்த தடுமாற்றத்தின் அளவுக்கு இருந்தது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், ஊதச் சொன்னால் சுத்தமாக ஊதிக் காட்டிவிட்டு, கடைசி டிரிப்பில் அந்த நிலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாம்.

"எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்" என்பீர்கள். அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு குழுவினரைத் தொடர்ந்து 14 நாள் இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் படுக்கவிடவில்லை. முடிவில் அவர்களுடைய கவனம், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் கவனம் அளவுக்கு விழுந்திருந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், லேசாகத்தான் தூக்கம் வருகிறது, சமாளிக்கிறோம் என்றார்கள். தூக்கம் கெட்டால், தன் நிலையைத் தானே எடைபோடும் திறனும் கெட்டுவிடுகிறது. அதனால் "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று நாமே சொல்லிக்கொள்வதை நம்ப முடியாது. வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கடந்துவந்த இரண்டு ஸ்டாப்பிங் நினைவில் இல்லை. வண்டி கோட்டை விட்டு நகர்ந்து, சட்டென்று திருப்புகிறீர்கள். எதிர் விளக்கு வந்ததும் திடுக்கிடுகிறீர்கள். இவை வந்துவிட்டால், சில நொடித் தூக்கம் ஏற்கெனவே எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கண் திறந்தபடி இருக்கும்போதே அது வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி போனால் வண்டி சுமார் 67 மீட்டர் ஓடியிருக்கும், ஓட்டுநர் இல்லாமல். நடத்துநர்களுக்கு அடையாளம் வேறு மாதிரி: முதல் டிரிப்பில் சிரித்துக்கொண்டே 500 ரூபாய்க்குச் சில்லறை கொடுத்தவர், கடைசி டிரிப்பில் அதே நோட்டைப் பார்த்ததும் கத்துவார். குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கென்னவோ, அதில் பாதி தூக்கக் கணக்குதான்.

ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதும் பாட்டுப் போடுவதும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். டீ உதவும், ஆனால் குடித்து 20, 30 நிமிடம் ஆக வேண்டும். எனவே கடைசி நிறுத்தத்தில் நேரம் கிடைத்தால் முதலில் டீயைக் குடித்துவிட்டு, 20 நிமிட அலாரம் வைத்துச் சாய்ந்துவிடுங்கள். எழும்போது டீ வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அதற்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டிவரும், தலை கனத்து மந்தமாக இருக்கும். எழுந்த உடனே வண்டியை எடுக்காமல் முகம் கழுவி நாலு எட்டு நடங்கள். இதுவும் தற்காலிகம்தான். இரவுத் தூக்கத்துக்கு ஈடு கிடையாது.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். ஓய்வு நாளில் டூட்டிக்குக் கூப்பிட்டால் மறுப்பது எப்படி? கடன் தவணைக்காக டபுள் டூட்டியை விரும்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கு உபதேசம் செய்யமாட்டேன். எடுப்பதானால் அடுத்தடுத்த நாட்களில் எடுக்காதீர்கள். மறுப்பதானால் காரணம் தேடாதீர்கள். மச்சானுக்குக் கல்யாணம், உடம்பு சரியில்லை என்று சொல்லத் தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். நேரத்தைச் சொல்லுங்கள்: "ராத்திரி 10 மணிக்கு இறங்கினேன் சார், காலை 7 மணிக்கு முன்னால் ஏற முடியாது." இந்த 9 மணி நேரம் நான் கண்டுபிடித்ததல்ல. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் வரை தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. தனி ஆளாகச் சொன்னால் அடுத்த வாரமே கஷ்டமான ரூட் விழலாம், அதையும் மறைக்கவில்லை. சங்கத்தின் வழியாக எல்லோரும் ஒரே கணக்கைச் சொன்னால்தான் அது நிற்கும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக வீட்டில் சொல்கிறார்களா? 8 மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குகிறதா? அது தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோயாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம்.

வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், டூட்டி நேரம் மூன்றையும் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், பெயர் வேண்டாம். தாள்களைச் சேர்த்து, 9 மணி நேர இடைவெளி எத்தனை இரவில் கிடைத்தது என்று உங்கள் முன்னாலேயே எண்ணி, அந்தக் கணக்கை மட்டும் கிளை மேலாளரிடம் கொடுக்கப்போகிறேன். நீங்கள் என்னிடம் சொல்கிற வேறு எதுவும் அவரிடம் போகாது.

பேச்சைப் பணி நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். உங்கள் ஓய்வு நாளில் வைத்தால் தயவுசெய்து வராதீர்கள். வீட்டில் தூங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பேச வருகிற ஆலோசகர்