32 சதுர மீட்டருக்காக மொத்த பில்லையும் நிறுத்தாதீர்கள்: கோட்டச் செயற்பொறியாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்

பொருள்: அலுவலகக் கட்டட மேல்தளத்தில் தட்டோடு பதித்து நீர்க்கசிவு நிறுத்திய பணி, இறுதி பில் நிலுவை.

பார்வை: ந.க. எண் 1482/ஆ3/2024. பிரிவு மாறிய பின் இதே கோப்புக்கு ந.க. எண் 317/இ1/2025.

ஐயா, அம்மா,

இரண்டு எண்ணையும் மேலே சேர்த்தே எழுதியிருக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பில் கொடுத்த நாளில் தபால் பிரிவு போட்டுத் தந்த எண்ணைச் சொல்லி மூன்று மாதம் விசாரித்தேன், 'அந்த எண்ணில் இங்கே ஃபைல் இல்லை' என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. சீட் மாறியபோது கோப்புக்குப் புது எண் போட்டிருக்கிறார்கள், அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒருநாள் பதிவேட்டை நானே கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இனி யாரும் எண்ணைத் தேட வேண்டியதில்லை.

நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். வொர்க் ஆர்டர் 12.06.2024 அன்று கிடைத்தது, 90 நாள் கெடு. 28.08.2024 அன்று, கெடுவுக்கு 13 நாள் முன்பே, வேலையை முடித்தேன். 04.09.2024 அன்று உதவிப் பொறியாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றினார், 19.09.2024 அன்று மேலதிகாரி செக் மெஷர்மென்ட் செய்து கையெழுத்திட்டார். பணி நிறைவுச் சான்று 30.09.2024. பில்லை 07.10.2024 அன்று கொடுத்து, நகலில் தபால் பிரிவு முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து இன்றைக்கு 10 மாதம் ஆகிவிட்டது.

இவ்வளவு நாளில் எழுத்தில் ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. வாயால் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் வந்தது. 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்றார்கள், அப்புறம் 'ஒதுக்கீடு இல்லை' என்றார்கள், மார்ச்சில் 'வருஷக் கடைசி, ஏப்ரல் ஆகட்டும்' என்றார்கள், ஏப்ரலில் போனால் போன வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது, புதிதாகக் கேட்டிருக்கிறோம் என்றார்கள். அக்டோபரில் வந்த பில் மார்ச் முடியும்வரை ஏன் காத்திருந்தது என்று கேட்டபோதுதான் கணக்குப் பிரிவில் ஒருவர் உண்மையான காரணத்தைச் சொன்னார். டெண்டர் அளவைவிட 32 சதுர மீட்டர் கூடுதல், அதற்கு ஒப்புதல் ஆணை கோப்பில் இல்லை. இதை முதல் மாதமே ஒரு வரி எழுதிச் சொல்லியிருந்தால் நான் அப்போதே பதில் கொடுத்திருப்பேன்.

சரி, இப்போது சொல்கிறேன். எஸ்டிமேட்டில் தட்டோடு பதிக்கும் பரப்பு 380 சதுர மீட்டர். அளவுப் புத்தகத்தில் ஏறியது 412. இந்த 32 எங்கிருந்து வந்தது என்றால், மொட்டை மாடியில் இரண்டு படிக்கட்டு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேல்தளமும் 4 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது தலா 16 சதுர மீட்டர். எஸ்டிமேட் போட்டவர் திறந்த மாடித் தரையை மட்டும் கணக்கெடுத்திருக்கிறார், இந்த இரண்டும் விட்டுப்போயின. வேலை நடக்கும்போது நானே இதைக் காட்டினேன், ஏனென்றால் அந்த மேல்தளத்தை அப்படியே விட்டால் மழைநீர் அதன் விரிசல் வழியாகச் சுவரில் இறங்கி நாங்கள் புதிதாகப் பதித்த ஓட்டுக்கு அடியில் போகும், ஒரே பருவத்தில் மொத்த வேலையும் வீணாகிவிடும். உதவிப் பொறியாளர் ஏறிப் பார்த்தார், 18.07.2024 அன்று தள உத்தரவுப் புத்தகத்தில் 'படிக்கட்டு அறை மேல்தளம் இரண்டையும் சேர்த்துச் செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, மூலம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கூடுதல் அளவுக்கான விவரப் பட்டியலை மேலே அனுப்பி ஒப்புதல் வாங்குவது அலுவலகத்தின் வேலை. ஒப்பந்தக்காரர் அந்தக் கோப்பில் ஒரு தாளைக்கூட நகர்த்த முடியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். 380 சதுர மீட்டரில் யாருக்கும் தகராறு இல்லை, டெண்டரில் இருக்கிறது, அளந்தாயிற்று, சரிபார்த்தாயிற்று, சான்றும் கொடுத்தாயிற்று. அதை மட்டும் பகுதி பில்லாக இப்போதே பாஸ் செய்யுங்கள். 32 சதுர மீட்டரைத் தனியே நிறுத்தி, ஒப்புதல் வந்தபின் இறுதி பில்லில் கொடுங்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு சரியாக இருக்கிற வேலையை ஒரு பங்குக்காக நிறுத்தி வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவர், 'குறைபாடு பொறுப்புக் காலம் முடியட்டும், சேர்த்துப் பார்க்கலாம்' என்றார். அந்தக் காலம் பில்லில் பிடித்து வைக்கும் தொகைக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தப் பிடித்தத்தை நான் இப்போது கேட்கவே இல்லை, ஓடு பெயர்ந்தால் வந்து சரிசெய்யும் பொறுப்பும் என்னுடையதுதான். பில்லையே அந்தக் காலம் முடியும்வரை நிறுத்தலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தும் இல்லை.

வேலை சரியாக நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றால், சான்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஒரு புகைப்படம். முடித்த பிறகு மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்தினோம். மறுநாள் கீழே பதிவறையின் உட்கூரையைப் படம் எடுத்தேன், பழைய மழையின் பழுப்புக் கறை அப்படியே தெரிகிறது, அதன் மேல் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்த விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவுகூட ஈரம் பரவவில்லை. தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன. அதற்கப்புறம் ஒரு முழு மழைக்காலமும் போய்விட்டது. பதிவறையில் முன்பு கோப்புகளுக்கு மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டார்கள், போனமுறை வந்தபோது நானே பார்த்தேன்.

மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் அந்தந்த வாரமே கூலி கொடுத்துவிட்டேன், ஓட்டுக்காரருக்கும் சிமென்ட் கடைக்கும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். பில்லுக்கான வரியையும் பணம் வருவதற்கு முன்பே கட்டியாயிற்று. அந்த வட்டியை உங்களிடம் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு மாதமும் அது ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பில் நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் எண்கள், நிறைவுச் சான்று, தள உத்தரவுப் பக்கம், புகைப்படங்கள், 02.12.2024 மற்றும் 20.01.2025 தேதியிட்ட என் இரண்டு நினைவூட்டல்கள் என எல்லாவற்றையும் ஒரே கட்டாக, பக்க எண் போட்டு, தபால் பிரிவில் மறுபடியும் கொடுத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பகுதி பில்லைப் பாஸ் செய்யுங்கள், முடியாது என்றால் ஏன் முடியாது, கோப்பு யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். அதுவும் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி கோப்பின் குறிப்புத் தாள்களுக்கு மனு போடுவேன், அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டும். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்கு அதைத் தவிர வேறு வழி இருக்காது.

அந்த 32 சதுர மீட்டரில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஒரு நாள் சொல்லுங்கள், டேப்போடு வருகிறேன், இரண்டு படிக்கட்டு அறை மேலும் ஏறி உங்கள் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன், அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
பணியை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர்