ஆறாம் நாள் ஏன் 27ஆம் தேதி?

அன்புள்ள நண்பா,

தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி என்றால் ஆறாம் நாள் 26 தானே, பாட்னாவில் சூரியனை வழிபடும் சட் பூஜை ஏன் 27 என்று கேட்டிருந்தாய். எண்ண வேண்டியது நாளை இல்லை, திதியை. 2025இல் அமாவாசை 21ஆம் தேதி மாலை வரை நீடித்தது, அதனால் பிரதமை 22இல்தான் கணக்குக்கு வந்தது, அங்கிருந்து ஆறு எண்ணிப் பார், 27 வரும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சஷ்டி பிறந்தது 27 காலை ஆறு மணியை ஒட்டி, இங்கே சூரியன் உதித்துச் சில நிமிடம் கழித்து. முடிந்தது 28 காலை எட்டு மணிவாக்கில். உதயத்தில் இருக்கும் திதிதான் அந்த நாளின் திதி என்று பார்த்தால் சஷ்டி 28க்குப் போயிருக்கும், ஆனால் 28 மாலை சப்தமி ஆகிவிடுமே. சட் விரதத்தில் நீர் வார்த்து வணங்கும் முதல் அர்க்கியம் மறையும் சூரியனுக்கு, அந்த மாலை சஷ்டியாக இருக்க வேண்டும். அதனால்தான் 27. நீ திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்தாயே, அதே மாலை, அதே சஷ்டிதான்.

எங்கள் மேல் வீட்டு அம்மா விரதம் இருந்தார். 26 இரவு கர்னா என்னும் சடங்கில் வெல்லப் பாயசமும் ரொட்டியும் சாப்பிட்டதோடு சரி, பிறகு 28 காலை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 27 அன்று மகன் பழக்கூடையைத் தலையில் சுமந்து முன்னால் போக, நானும் கூடவே கங்கைக்கரைக்குப் போனேன். அன்று அஸ்தமனம் ஐந்தேகாலுக்குச் சற்று முன்பு. அந்த நேரத்துக்குப் போய் இறங்கினால் காரியம் கெட்டுவிடும், ஏனென்றால் சூரிய வட்டம் கண்ணுக்குத் தெரியும்போதே அர்க்கியம் முடிய வேண்டும். நாலரைக்கே இடுப்பளவு நீரில் மேற்கு பார்த்து நின்றுவிட்டார். மூங்கில் முறத்தில் கரும்பு, வாழைப்பழம், டேகுவா என்னும் பலகாரம், ஒரு விளக்கு. ஒவ்வொரு முறமாக அவர் ஏந்த, மகன் அதன் முன்னால் பாலும் நீரும் ஊற்றினான். கையில் நடுக்கமே இல்லை அந்த அம்மாவுக்கு!

28 காலையில் உதிக்கும் சூரியனுக்கு அர்க்கியம், அப்போது இது தலைகீழ். ஆறு மணிக்கு முன்பே உதயம் என்று பஞ்சாங்கம் சொன்னாலும், அது அடிவானத்துக்கான கணக்கு. ஆற்றின் மேல் பனிமூட்டம் இருந்தால் சிவப்பு விளிம்பு தெரிய இன்னும் பல நிமிடம் ஆகும். இருட்டிலேயே இறங்கிக் கிழக்கு பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான், மேகம் முழுதாய் மூடினால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஊருக்கு ஊர் நேரம் மாறும். கிழக்கே இருக்கும் பாகல்பூரில் பாட்னாவைவிட ஏழு நிமிடம் முன்னால், டெல்லியில் மாலை அரை மணி பின்னால். உன் டெல்லி அலுவலக நண்பர் பாட்னா நேரத்தை வைத்துக்கொண்டு குழம்பியது அதனால்தான், அவருக்குச் சொல்லிவிடு.

அப்புறம், அந்த அம்மா கொடுத்த டேகுவாவில் பாதியை உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யில் பொரித்தது, பத்து நாள் கெடாது.

அன்புடன்,
உன் பாட்னா நண்பன்