கூழ் குடித்த இரவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். காலபோக வெட்டு முடிந்து வயல் எல்லாம் வெளிச்சுப்போய்க் கிடக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று அப்பா இப்போதே நாள் எண்ணுகிறார்.

நேற்று போனில் நீ போகிற போக்கில் சொன்ன விஷயம் எனக்கு நித்திரையைக் கெடுத்துவிட்டது. போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. மெல்பேணில் கூட்டாளி வீட்டில் ஒடியற்கூழ். இறாலையும் நண்டையும் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாய். பத்து நிமிடத்தில் வாய் கடித்தது, பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. இரண்டு அலர்ஜிக் குளிசை போட்டுவிட்டு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாய். சத்தி எடுத்து, குரல் அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் குளியலறைக்குப் போய், ஜீன்ஸைக் கழற்றி, நின்ற நிலையில் தொடையில் அட்ரினலின் பேனை ஊசியைப் போட்டாய். பத்து நிமிடத்தில் சுகம் வந்தது. நீயே கார் ஓடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாய். இரவு ஒன்றரைக்கு மூச்சு இறுகி எழும்பி, கட்டிலில் குந்தியிருந்து விடிய வைத்தாய்.

கூழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உனக்கு ஒத்துக்கொள்ளாத இறால் புரதம் கொதித்தாலும் அழியாது. அது வெந்த தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். இறாலை எடுத்துப் போட்டாலும் கூழ் முழுக்க இறால்தான்.

இனி குளிசை. அது கடியையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையோ, இழுப்பையோ, விழுகிற இரத்த அழுத்தத்தையோ அது தடுக்காது. நம்முடைய சனமும் இப்படித்தான், எதற்கும் முதலில் பிரிட்டன் குளிசையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். தடிப்பு மட்டும் என்றால் குளிசை போட்டுக் கவனித்திருக்கலாம். குரல் மாறினால், மூச்சு இழுத்தால், தொண்டை இறுகினால், தலை சுற்றினால் காத்திருக்காதே, ஊசிதான். இறால் வயிற்றுக்குள் போனது தெரிந்து சத்தியும் எடுத்தால் அப்போதும் ஊசிதான். அந்த அரை மணித்தியாலம்தான் அன்று இரவு நீ செய்த முதல் பிழை.

ஊசியைப் பற்றி. போன முறை நீ விட்டுப்போன ஊசியில்லாத பயிற்சிப் பேனை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இன்று காலை அதை எடுத்து என் தொடையில் மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கையைத் தொங்கவிட்டு நில். உன் விரல் நுனி காற்சட்டையின் பக்கத் தையலில் எங்கே தொடுகிறதோ, அதிலிருந்து சற்று முன்பக்கம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, தொடையின் வெளிப்பக்கத்துத் தசை. பெரிய இரத்தக் குழாய்களும் நரம்பும் உள்பக்கமாக ஓடுவதால் இந்த இடத்தில் பயமில்லை. இங்கே தசை தடிப்பு, இரத்த ஓட்டமும் நல்லது. அதனால் மருந்து சில நிமிடத்தில் உடம்பெல்லாம் போய்ச் சேரும். தோலுக்குக் கீழே மட்டும் இறங்கினால் அதே மருந்து சேர அரை மணித்தியாலமும் எடுக்கலாம். கையிலும் குண்டியிலும் போடாதே என்று சொல்வது இதனால்தான்.

ஜீன்ஸைக் கழற்ற மினக்கெட்டிருக்கத் தேவையில்லை. உடுப்புக்கு மேலாலேயே ஊசி இறங்கும். தடித்த தையலும், சட்டைப்பையில் போனோ திறப்போ இருக்கிற இடமும்தான் விலக்க வேண்டியவை. உன்னுடையது எபிபென். நடுவில் பொத்திப் பிடி, பெருவிரல் எந்த நுனிக்கும் மேலே போகக்கூடாது. ஊசி வருகிற பக்கத்தை மாறிப் பிடித்துப் பெருவிரலில் குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்போது மருந்தும் வீண், விரலும் இரத்தமில்லாமல் வெளிறிப்போகும். மற்றக் கையால் நீல மூடியை நேரே இழு. செம்மஞ்சள் நுனியைத் தொடையில் செங்குத்தாக வைத்து, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்து. ஓங்கிக் குத்தத் தேவையில்லை, வைத்து அழுத்தினால் போதும். அப்படியே அமத்திப் பிடித்து மூன்று எண்ணு. வேறு கம்பனிப் பேனைகளில் சிலவற்றுக்குப் பத்து வரை எண்ண வேண்டும், ஆகவே பேனை மாறினால் அதன் படத்தைப் பார். நீ டிக் கேட்டவுடனேயே இழுத்துவிட்டேன் என்றாய். மருந்தில் பெரும்பங்கு இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் அந்தச் சுகம் வந்திராது. இனி எண்ணு. வெளியே எடுத்ததும் செம்மஞ்சள் உறை நீண்டு ஊசியை மூடியிருந்தால் மருந்து போயிருக்கிறது. உள்ளே கொஞ்சம் மிச்சம் தெரியும். அது அப்படித்தான், இன்னொரு தரம் போட வராது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது மருந்தின் வேலை, பயப்படாதே.

இனித்தான் என் மனதில் பாரமாக இருப்பது. நீ நின்றாய், நடந்தாய், கார் ஓடினாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சின்னக் கிராமத்து ஆசுப்பத்திரிக்கு, வரம்பில் குளவி குத்திய ஒருவரை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உதடு தடித்து, உடம்பு சிவந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சின்னப் போத்தலில் இருக்கிற அட்ரினலினில் அரை மில்லிலீற்றர் எடுத்துத் தொடையில் போட்டோம். பத்து நிமிடத்தில் முகம் தெளிந்து, "தங்கச்சி, இப்ப சுகம்" என்று சிரித்தார். நான் திரும்பி நேரத்தை எழுதினேன், அவ்வளவுதான். அவர் ஒன்றுக்குப் போகவென்று எழும்பி நின்றார். நாலு அடிகூட இல்லை, அப்படியே சரிந்துவிட்டார். மணிக்கட்டில் நாடி இல்லை. தூக்கிக் கிடத்தி, கால் இரண்டையும் கதிரையில் ஏற்றி, இன்னொரு அரை மில்லிலீற்றர், சேலைன். சில நிமிடம் கழித்து என் விரலுக்குக் கீழே நாடி மெல்லத் திரும்பிவந்தது. அந்த நூல் போன்ற துடிப்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. அவர் பிழைத்தார். எழும்பவேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

ஏன் அப்படி விழுந்தார்? அனபிலக்சிஸ் என்கிற இந்தக் கடும் ஒவ்வாமையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, நீர் குழாய்க்கு வெளியே கசிந்துவிடும். இருக்கிற இரத்தம் படுத்திருந்தால் இதயத்துக்குத் திரும்பிவரும். நிமிர்ந்து நின்றால் காலில் தேங்கிவிடும். இதயத்தில் நிரம்ப இரத்தம் இல்லாவிட்டால் அது எதைத் தள்ளும்? சுகம் தெரிந்த பிறகும் இந்த ஆபத்து இருக்கிறது. ஆகவே நிலத்திலேயே மல்லாந்து படு, காலை உயர்த்து. அறிகுறி தொடங்கியவுடனேயே படுத்துவிட்டு, படுத்தபடி ஊசி போடலாம். மூச்சு முட்டிப் படுக்க முடியாவிட்டால் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து இரு. சத்தி வந்தால் பக்கவாட்டில் திரும்பு. கழிப்பறைக்கும் போகாதே, அம்புலன்ஸ் வரைக்கும் நடந்தும் போகாதே. அவர்கள் தூக்கிக்கொண்டு போகட்டும். குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே நின்றாயே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கூட்டாளிகளைக் கூப்பிடு. வெட்கப்படாதே.

ஊசி போட்ட நேரத்தை யாரையாவது பார்க்கச் சொல்லு. உடனே அங்கே மூன்று சைபர், இங்கே 1990. "அனபிலக்சிஸ், அட்ரினலின் போட்டாயிற்று" என்று சொன்னால் போதும், அவர்களுக்கு விளங்கும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது பேனை. அதனால்தான் இரண்டு பேனை எப்போதும் உன்னோடு இருக்கவேண்டும்.

சுகம் வந்தபிறகும் ஏன் ஆசுப்பத்திரி என்று கேட்டாய். அட்ரினலின் கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்கிற மருந்து, அது போய்விடும். வயிற்றில் கூழ் இன்னும் கிடக்கும். சிலருக்கு எல்லாம் அடங்கி, சில மணித்தியாலம் கழித்து, புதிதாக ஒன்றும் சாப்பிடாமலே மறுபடி கிளம்பும். உனக்கு ஒன்றரை மணிக்கு வந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த நேரம் பக்கத்தில் ஆளும் இல்லை, இரண்டாவது பேனையும் காரில். உன் நாட்டில் கடைசி ஊசியிலிருந்து குறைந்தது நாலு மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். தனியே இருக்கிறவர், ஆஸ்துமா உள்ளவர், இரண்டு ஊசி தேவைப்பட்டவர், இரவில் வருகிறவர் என்றால் விடியும்வரை வைத்திருப்பதும் உண்டு. நீ தனியே இருக்கிறாய், சின்னனில் இழுப்பும் இருந்தது. இதைக் கேட்காவிட்டாலும் நீயே சொல்லு. பாவித்த பேனையையும் கொண்டுபோய்க் கொடு.

இந்தக் கிழமையே டொக்டரிடம் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, புதுப் பேனைக்கு எழுதுவித்துக்கொள். இங்கே வரும்போது இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போடாதே. கட்டுநாயக்காவிலிருந்து ஏ-9 வழியே வருகிற வானில் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடாதே. வைகாசி வெயில் உனக்குத் தெரியும், இருபத்தைந்து பாகைக்கு மேல் அந்த மருந்துக்கு நல்லதில்லை. ஐஸ் பெட்டியும் வேண்டாம், குளிரும் அதற்குக் கூடாது. சின்ன வெப்பங்காக்கும் பையே போதும். கண்ணாடிச் சாளரத்தில் மருந்து தண்ணீர்போலத் தெளிவாக இருக்கவேண்டும். மண்ணிறமோ கலங்கலோ தெரிந்தால் மாற்று. இங்கே எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுக்கக்கூடிய சாமான் இல்லை இது. காட்டுவழியில் நிற்கும்போது அம்புலன்ஸ் வரவும் நேரம் எடுக்கும். ஆகவே இங்கே வரும்போது இரண்டுக்குக் குறையாமல் கொண்டுவா.

அப்பாவுக்கும் பயிற்சிப் பேனையால் பழக்கிவிட்டேன். முதல் தரம் பெருவிரலை நுனியில்தான் வைத்தார். இரண்டாம் தரம் சரி.

பொங்கலுக்கு வரும்போது உனக்குக் கூழ் காய்ச்சுவேன், புதுப் பானையில், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு. இறாலும் நண்டும் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே வராது. புதுப் பேனை கைக்கு வந்தவுடன் காலாவதித் திகதி தெரியப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா