கோயில் சங்க நிர்வாகிகளுக்கு: அந்தத் துண்டுத்தாளைக் கொஞ்சம் திருத்துங்கள்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து நீங்கள் கொடுத்த முதலீட்டுத் தாளைப் படித்தேன். வங்கி வைப்புக்கு 9% வட்டி, 26% வரி போனால் கையில் 6.66%. வரியில்லா சேமிப்புக் கணக்கில் வைக்கும் பத்திரத்துக்கு 7.25%. ஆகவே பத்திரமே மேல் என்று முடித்திருக்கிறீர்கள். பெருக்கல் சரி, ஆனால் வரி முதல் ராண்டிலிருந்தே விழுவதாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

2025-26 வரி ஆண்டில், 65 வயதுக்குக் குறைந்தவருக்கு உள்நாட்டு வட்டியில் முதல் 23,800 ராண்டுக்கு வரியே கிடையாது. 65 ஆனவர்களுக்கு அது 34,500.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, வயது 58, சம்பளத்துக்கு 26% வரி வரம்பில் இருக்கிறார். கையில் 3,00,000 ராண்ட், வேறு வட்டி வருமானம் இல்லை. முழுவதையும் வைப்பில் போட்டால் வட்டி 27,000. விலக்குப் போக 3,200-க்குத்தான் வரி, அதாவது 832. மிச்சம் 26,168, ஏறக்குறைய 8.72%. நீங்கள் சொல்லும் 6.66% எங்கே, இது எங்கே! பத்திரத்தில் முழுத்தொகையும் போட முடிந்தாலும் 21,750 தான் வரும். அப்படிப் போடவும் முடியாது. 2025-26 வரி ஆண்டில் அந்தக் கணக்கில் 36,000 ராண்ட் வரைதான் போட முடிந்தது. வரம்பை மீறிப் போட்டால், மீறிய தொகையில் 40% வரியாகப் போய்விடும். உங்கள் தாளில் இது ஒரு வரிகூட இல்லை.

அதற்காகப் பத்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா 36,000-ஐப் பத்திரத்தில் வைத்தால் 2,610 வரும். மீதி 2,64,000-க்கு வைப்பு வட்டி 23,760, விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. மொத்தம் 26,370, வரி பூஜ்ஜியம். எல்லாவற்றையும் வைப்பில் போட்டதைவிட 202 ராண்ட் கூட. ஒரு மீன் கறிக்கு ஆகும், அவ்வளவுதான்.

உங்கள் 6.66% கணக்கு, விலக்கைத் தாண்டிய பணத்துக்கு மட்டும் பொருந்தும். அங்கேயும் வரி விகிதத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வட்டிகளும் சமமாவது சுமார் 19.4% வரியில். 18% வரம்பில் இருப்பவருக்கு வைப்பே 7.38% தருகிறது.

இன்னொன்று, பத்திரத்தை 'பாண்ட்' என்றதும் வீட்டுக்கடனா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அரசின் சில்லறை சேமிப்புப் பத்திரமும் இதுதான் என்று நினைத்தவர்களும் உண்டு. அதன் வட்டிக்கு வரி உண்டு.

அடுத்த தாளில் வயது, ஏற்கெனவே வரும் வட்டி, வரி வரம்பு மூன்றையும் எழுதிக்கொள்ள இடம் விடுங்கள். அச்சடிக்கும் முன் கூப்பிட்டால் கால்குலேட்டரோடு வருகிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் பழைய உறுப்பினர், ஓய்வுபெற்ற கணக்கர்