பாப்பாவின் காதுப் பரிசோதனையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிவதற்குள் அவள் காது பற்றிய முடிவு எங்கள் கைக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணமானவர்களுக்குப் பெயர் போடாமல் இதை எழுதுகிறேன். படித்தால் அவர்களுக்கே தெரியும்.

முதல் நன்றி பிரசவ வார்டு செவிலியர் அக்காவுக்கு. பிறந்த இரண்டாம் நாள், பாப்பா பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து, காதில் மெத்தென்ற சிறு முனையை வைத்து ஓ.ஏ.இ. சோதனை செய்தார். அந்தக் கருவி சின்ன ஓசைகளை உள்ளே அனுப்பும். உட்காதில் இருக்கும் முடிச்செல்கள் நன்றாக இருந்தால் மெல்லிய எதிரொலி திரும்பி வரும். பாப்பாவுக்கு வரவில்லை. திரையில் இரண்டு காதுக்கும் 'ரெஃபர்', அதாவது மேலும் சோதிக்க வேண்டும் என்று வந்தது. நான் அழ ஆரம்பித்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "காது கேட்கலைன்னு இதுக்கு அர்த்தம் இல்லம்மா. பிறந்த புதுசுல காதுக்குள்ள வெள்ளை மாவு ஒட்டியிருக்கும், நடுக்காதுல தண்ணி நிக்கும். அதனாலயும் இப்படி வரும். ஆனா மறுபடியும் பார்க்காம விட்டுடக் கூடாது." மறுசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். காதில் எண்ணெய் விடக் கூடாது, ஊதக் கூடாது என்று என் அத்தையிடமும் தனியாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மறுசோதனையிலும் இரண்டு காதும் ரெஃபர். வீட்டில் பேச்சு கிளம்பியது அப்போதுதான். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினால் பாப்பா தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு விழிக்கிறாள், இவளுக்கா காது கேட்காது என்றார்கள். ஒரு மருத்துவரும் ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

அந்த நேரத்தில் வீடு தேடி வந்த கிராம சுகாதார செவிலியருக்கு எப்படி நன்றி சொல்ல! "தட்டுச் சத்தம் பெரிய சத்தம். பாதி கேட்கிற குழந்தையும் அதுக்குத் திரும்பும். நீங்க பேசுறது கேட்குதான்னுதான் தெரியணும்," என்றார். குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட டி.இ.ஐ.சி. மையத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்து, அங்கிருந்து தஞ்சாவூரில் பெரா என்ற காது நரம்புச் சோதனைக்கு நாள் குறிக்கும்வரை விடவே இல்லை.

அடுத்த நன்றி பெரா எடுத்த ஆடியாலஜிஸ்ட் அம்மாவுக்கு. முந்தைய நாளே போன் செய்து, தலைக்கும் நெற்றிக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டாம், மை வைக்க வேண்டாம், வழியில் தூங்க விடாமல் பசியோடு கொண்டு வாருங்கள் என்றார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்ட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாதாம். ஒட்டி முடித்த பிறகுதான் பால் கொடுக்கச் சொன்னார். பாப்பா என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பச்சைக் குழந்தை தானாகவே அசந்து தூங்கும், வளர வளரத் தூக்க மருந்து தேவைப்படும், சீக்கிரம் எடுப்பதில் அதுவும் ஒரு வசதி என்றார்.

ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், காது நரம்பிலிருந்து மூளைக்குப் போகும் அலை எந்த அளவு வரை தெரிகிறது என்று பார்த்தார். வலது காதில் 50 டெசிபல், இடதில் 55. அதற்குக் கீழே அலை இல்லை. அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்தும் பார்த்தார். நடுக்காதில் நீர் நிற்பதுதான் காரணம் என்றால் எலும்பு வழியாக நன்றாகத் தெரிந்திருக்கும். இங்கே அதிலும் அதே அளவுதான். ஆகவே குறை உட்காதில், தானாகச் சரியாகிற வகை இல்லை. நாம் சாதாரணமாகப் பேசுவதே கிட்டத்தட்ட 60 டெசிபல்தான். பக்கத்தில் பேசினால் மங்கலாகக் கேட்கும், மெதுவான ஓசைகளும் தள்ளி நின்று பேசுவதும் நழுவிவிடும் என்று ஒரு படம் வரைந்து காட்டினார். தட்டுக்குத் திரும்பியவள் என் தாலாட்டுக்கு ஏன் சும்மா இருந்தாள் என்பது அப்போது புரிந்தது.

காது கருவி ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதால் அன்றைக்கே காதின் அச்சு எடுத்தார்கள். பசை போன்ற ஒன்றைக் காதில் விட்டு, அது இறுகும்வரை பாப்பாவின் தலையை அசையாமல் பிடித்திருந்த பயிற்சி மாணவிக்கும் நன்றி. காது வளர வளர அச்சு தளர்ந்து கருவி கீச்சிடும், அப்போது புது அச்சு எடுக்க வேண்டுமாம்.

என் அத்தைக்கும் சொல்ல வேண்டும். தட்டைத் தட்டிப் பார்த்தவரே அவர்தான். பெரா முடிவைக் கேட்ட பிறகு, நடவு நேரத்திலும் வயல் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் எங்களோடு பஸ் ஏறினார். இப்போது கருவி வந்துவிட்டது. காலையில் பாட்டரியைப் பார்த்து, துடைத்து, பாப்பாவின் காதில் மாட்டிவிடுவது அவர் வேலை.