தரகர்களுக்கும் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர்களுக்கும்: அந்த நிறக் கட்டத்தை எடுங்கள்

வணக்கம். உங்கள் படிவத்தில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே 'நிறம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் பெரியம்மா மகளுக்கு வரன் பார்த்தபோது வீட்டில் உள்ளபடியே 'மாநிறம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்களில் ஒருவர் அதை அடித்துவிட்டு 'சிவப்பு' என்று போட்டார். "பொண்ணு பார்க்க வர்றதுக்குள்ள ஏதாவது கிரீம் போட்டு சரி பண்ணிக்கலாம்மா" என்று ஆலோசனை வேறு.

அந்த 'ஏதாவது கிரீம்' மருந்துக்கடையில் கிடைத்தது, சீட்டு யாரும் கேட்கவில்லை. மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பு. முகத்தில் மங்கு வந்தவர்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது, கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்!

இந்தக் களிம்பு ஏமாற்றுவது ஆரம்பத்தில்தான். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பருவை அமுக்கும், முகம் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும், எல்லாரும் "களை வந்துடுச்சு" என்பார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும், வெயிலில் எரியும், பரு கூட்டமாக வரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள். இன்னொன்றும் நடக்கும்: களிம்பு பட்ட இடத்தில் முடி வளரும். நிறத்துக்காகப் பூசியது தாடையில் முடியைக் கொடுத்தது, அதைப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் "ஹார்மோன் பிரச்சினையோ?" என்று உங்களிடமே விசாரித்தார்கள், நீங்களும் அந்தக் கேள்வியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். இன்னொரு வீட்டார் பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கா என்றார்கள், அன்றிலிருந்து இரவுச் சாப்பாடும் போனது.

அவள் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள், பிறர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பாதிக்கிறவள். இப்போது அலுவலகத்தில் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை, வீடியோ அழைப்பில் கேமராவைத் திறப்பதில்லை, எதிரில் இருப்பவர் பேசும்போது கையால் தாடையை மறைத்துக்கொள்கிறாள். களிம்பு செய்தது என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகும் "என் முகமே அப்படித்தான்" என்கிறாள். தோல் ஆற மாதங்கள் ஆகும் என்றார் அவர், இந்த நினைப்புக்கு அவரிடம் மருந்தில்லை.

2020-ல் ஷாதி.காம் தளம், பயனாளர்கள் மனு கொடுத்த பிறகு, நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அதனால் அவர்கள் கடையை மூடிவிடவில்லை. நீங்களும் நிறம், உடல்வாகு கட்டங்களை எடுத்துவிடுங்கள், புகைப்படத்தை வெளுக்க வைத்து அனுப்பாதீர்கள். "பார்ட்டி கேட்கிறாங்க" என்று சொல்வீர்கள், கேட்கிறவரிடம் அது எங்கள் படிவத்தில் இல்லை என்று சொல்லுங்கள். அப்புறம், எந்தப் பெண்ணுக்கும் கிரீம் பெயர் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் திடீரென நிறுத்தாமல், அந்தக் குழாயையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகட்டும்.